கூட்டக் குறிப்பில் முடிவு, பொறுப்பு, கெடு மூன்றும் கண்ணில் படும்படி திருத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டத்தில் அவசரமாக எழுதிய குறிப்பு மூன்று பக்கம் இருக்கிறது. எங்கிருந்து திருத்த ஆரம்பிப்பது?

முதலில் அந்த மூன்று பக்கத்தையும் ஒரு நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் ஓரமாக வைத்துவிடுங்கள். பிறகு யாராவது "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று கேட்டால் பார்ப்பதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

நகலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்து, ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து போடுங்கள். முடிவுக்கு "மு", யாரோ செய்தாக வேண்டிய பணிக்கு "ப", முடிவாகாமல் நின்றதற்கு "நி", மற்றபடி பேச்சும் தகவலும் எல்லாம் "த". இந்தச் சுற்றில் ஒரு வரியைக்கூடத் திருத்தி எழுத வேண்டாம். பிரிப்பதையும் திருத்துவதையும் சேர்த்துச் செய்தால், நன்றாக எழுத வரும் வரிகள் மேலே வந்துவிடும், முக்கியமான வரிகள் கீழே போய்விடும்.

ஒரு வரியில் முடிவும் பணியும் சேர்ந்தே இருக்கும். "புதிய படிவத்துக்கு மாறுவது, கவிதா எல்லோருக்கும் அனுப்புவார்" என்றால் அது இரண்டு வரி. அங்கேயே உடைத்துவிடுங்கள். மாறுவது என்பது முடிவு; அது நிலைத்து நிற்கும். அனுப்புவது பணி, செய்ததும் தீர்ந்துவிடும். இரண்டையும் ஒரே வரியில் விட்டால், கவிதா அனுப்பிய மறுநாள் யாரோ அந்த வரியை "முடிந்தது" என்று அடிப்பார்கள், முடிவும் அதோடு சேர்ந்து மறைந்துபோகும்.

இதையெல்லாம் கூட்டம் நடந்த அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும். உங்கள் கிறுக்கலுக்கு யார் எந்தத் தொனியில் சொன்னார்கள் என்ற நினைவுதான் துணை. அந்த நினைவு இரண்டு நாளில் தேய்ந்துவிடும்.

"ஏப்ரலிலிருந்து வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். இது முடிவா, யோசனையா?

தமிழில் எழுதும் கூட்டக் குறிப்புகளில் அதிகம் சறுக்குவது இந்த "லாம்" விகுதியில்தான். "செய்யலாம்" என்பது அனுமதியாக இருக்கலாம், வாய்ப்பாக இருக்கலாம், "செய்துவிடுவோம்" என்ற உறுதியாகவும் இருக்கலாம். பேசும்போது குரலும் முகமும் எது என்று காட்டிவிடும். காகிதத்தில் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும்.

அந்த வரிக்குப் பிறகு பேச்சு எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். "எப்போதிலிருந்து, யார் செய்வது, எவ்வளவு ஆகும்" என்று போயிருந்தால் முடிவாகிவிட்டது என்று பொருள். செய்வதா வேண்டாமா என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிவிட்டார்கள். "ஏன் மாற்றணும், போன தடவை என்ன ஆச்சு" என்று திரும்பி வந்திருந்தால் அது இன்னும் யோசனைதான். அதற்கு "நி" போடுங்கள்.

"சரி" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தலைவர் சொன்ன "சரி" ஒப்புதலாக இருக்கலாம். "கேட்டுக்கொண்டேன், அடுத்ததுக்குப் போவோம்" என்ற அர்த்தத்திலும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் வரியை முடிவாகவே எழுதி, தலைவருக்கு அதை மட்டும் அனுப்பி, ஆமா இல்லையா என்று கேளுங்கள். "இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்காதீர்கள், கூட்டம் மறுபடி தொடங்கிவிடும்.

"பார்க்கலாம்" பெரும்பாலும் முடிவும் இல்லை, பணியும் இல்லை. மறுப்பை நோகாமல் சொல்லும் வழியாகவும் அது இருக்கும். அதைப் பணிப் பட்டியலில் சேர்த்தால், யாரும் செய்யாத ஒரு வரி மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

எந்தெந்தச் சொற்களைப் பார்த்தால் உடனே நிறுத்தித் திருத்த வேண்டும்?

வினைமுற்றைப் பாருங்கள். "அனுப்பப்படும்", "ஆவன செய்யப்படும்", "பரிசீலிக்கப்படும்", "சரிசெய்யப்படும்" என்று முடிகிற வரிகளில் ஆளே இல்லை. செயப்பாட்டு வினை கடிதத்துக்குப் பணிவாக இருக்கும். குறிப்பில் அது பொறுப்பை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட ஒவ்வொரு வரியையும் "யார்?" என்று கேட்டு, பெயரை வைத்துத் தொடங்கி, செய்வினையில் எழுதுங்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் எழுவாய் இல்லாத வரி. தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் முழுமையாகவே இருக்கும். "வெள்ளிக்குள் பட்டியல் அனுப்புவார்" என்பதில் இலக்கணக் குறை ஏதும் இல்லை. எழுதியவருக்கு அந்த "ஆர்" யார் என்று தெரியும். படிப்பவருக்கு மேல் வரியில் கடைசியாக வந்த பெயர்தான் தோன்றும். வரிகளை இடம் மாற்றித் தொகுக்கும்போது அந்த மேல் வரியே மாறிவிடும், பொறுப்பு வேறு ஆளின் தலையில் போய் விழும். ஆகவே பணி வரி எதுவானாலும் பெயர் அந்த வரிக்குள்ளேயே இருக்கட்டும்.

"நாம் அனுப்பிவிடுவோம்" என்பதும் அதே ரகம்தான். எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொண்டதுபோல் தோன்றும். ஆனால் ஒருவரும் ஏற்கவில்லை.

"பேசிப் பார்க்கிறேன்", "முயற்சி செய்கிறேன்" என்பவற்றில் ஆள் இருக்கிறார், முடிவிடம் இல்லை. எது நடந்தால் வேலை முடிந்ததாகக் கொள்வது? "மென்பொருள் விற்பனையாளரிடம் பேசிப் பார்ப்பார்" என்பதை "விற்பனையாளரிடம் பேசி, அவர் பதிலை எழுத்தில் வாங்கிக் குழுவுக்கு அனுப்புவார்" என்று மாற்றுங்கள். பேச்சின் பலன் என்னவானாலும், பதில் வந்ததா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிட முடியும்.

ஒரு முழு மாதிரியைத் திருத்திக் காட்ட முடியுமா?

ஓர் அலுவலகத்தின் 12ஆவது மாதாந்தரக் கூட்டம், 10 மார்ச் 2025, திங்கள்கிழமை என்று வைத்துக்கொள்வோம். விடுப்பு விண்ணப்பத்தைக் காகிதத்திலிருந்து இணையத்துக்கு மாற்றுவது பற்றிய பகுதி இது. பெயர்கள் மாதிரிக்காக வைத்தவை. கையில் இருக்கும் குறிப்பு:

> பழைய படிவம் குழப்பம் என்று பலரும் சொன்னார்கள். நிறைய விவாதம். ஏப்ரலிலிருந்து ஆன்லைனிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் தலைவர், சரி என்றார்கள். பயிற்சி தேவை, மனிதவளப் பிரிவு பார்த்துக்கொள்ளும். பழைய விடுப்பு இருப்பு ஏற்ற வேண்டும், கணக்கிலிருந்து பட்டியல் வரும், அடுத்த வெள்ளி. கடவுச்சொல் பிரச்சினை சீக்கிரம் சரிசெய்யப்படும். கிளைகளுக்கும் கொண்டுபோகலாமா என்று ரவி கேட்டார். பார்க்கலாம்.

முதல் இரண்டு வாக்கியங்கள் "த". மூன்றாவது "மு", ஏனென்றால் அதன் பிறகு பேச்சு பயிற்சி, பட்டியல் என்று "எப்படி"க்குப் போய்விட்டது. அடுத்த மூன்றும் "ப". கடைசியில் உள்ளது "நி".

இனி ஓட்டைகள். "ஆன்லைனிலேயே" என்பதில் உள்ள ஏகாரம் "ஆன்லைனில் மட்டும்" என்று சொல்கிறதா, "ஆன்லைனிலும்" என்ற தளர்வோடு வந்ததா? காகிதப் படிவம் ஏப்ரல் 2 அன்று வந்தால் வாங்குவதா, திருப்புவதா என்பது இதில்தான் தொங்குகிறது. தலைவரைக் கேட்டதில் "மட்டும்" என்கிறார். அது கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படாததால், வரைவில் அந்த வரிக்குக் கீழே "தலைவர் தெளிவுபடுத்தியது; மாற்றுக் கருத்து இருந்தால் தெரிவிக்கவும்" என்று ஒரு குறிப்பு சேர வேண்டும். நீங்களாகவே "மட்டும்" என்று சேர்த்துவிடக் கூடாது.

அடுத்தது "அடுத்த வெள்ளி". திங்கட்கிழமை சொன்ன அடுத்த வெள்ளி 14ஆ, 21ஆ? பட்டியல் தர வேண்டிய கணக்குப் பிரிவின் சலீம் 21 என்று நினைத்திருக்கிறார். அதை ஏற்ற வேண்டிய தேவி 14 என்று காத்திருக்கிறார். தேவிக்கு ஏற்றிச் சரிபார்க்க ஐந்து வேலை நாள் வேண்டும். பட்டியல் 21 மாலை வந்தால் ஏற்றி முடிய 28 ஆகிவிடும். மனிதவளப் பிரிவின் கவிதாவோ பயிற்சியை 27 அன்று வைத்திருக்கிறார். பயிற்சிக்கு வருகிறவர்கள் திரையைத் திறந்தால் விடுப்பு இருப்பு எல்லாருக்கும் பூச்சியம் என்று காட்டும். ஒரே ஒரு "அடுத்த" என்ற சொல்லால் இவ்வளவும். மூவரையும் கேட்டதில் 18 செவ்வாய் என்று ஒத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து ஐந்து வேலை நாள் 25 செவ்வாயில் முடிகிறது.

திருத்திய வடிவம்:

முடிவு

மு-12-1: 1 ஏப்ரல் 2025 முதல் விடுப்பு விண்ணப்பங்கள் இணையவழி மட்டுமே பெறப்படும். காகிதப் படிவம் 31 மார்ச் 2025 வரை (அந்த நாள் உட்பட) ஏற்கப்படும். *("மட்டும்" என்பது தலைவர் தெளிவுபடுத்தியது, மாற்றுக் கருத்து இருந்தால் தெரிவிக்கவும்.)*

பணிகள்

| எண் | பணி | பொறுப்பு | கெடு |
|---|---|---|---|
| ப-12-1 | சரியான கடவுச்சொல்லையும் மறுக்கும் பிழையைத் தீர்த்து, மூன்று பேரை உள்நுழையச் சொல்லிச் சோதிப்பது | தேவி | 17 மார்ச் 2025, திங்கள் |
| ப-12-2 | எல்லா ஊழியர்களின் விடுப்பு இருப்புப் பட்டியலைத் தேவிக்கு அனுப்புவது | சலீம் | 18 மார்ச் 2025, செவ்வாய் |
| ப-12-3 | பட்டியலை ஏற்றி, சலீமிடம் சரிபார்ப்பு ஒப்புதல் வாங்குவது (ப-12-2 வந்த பின்) | தேவி | 25 மார்ச் 2025, செவ்வாய் |
| ப-12-4 | பயிற்சி நடத்தி, வராதவர்கள் பட்டியலைத் தலைவருக்கு அனுப்புவது (ப-12-3 முடிந்த பின்) | கவிதா | 27 மார்ச் 2025, வியாழன் |
| ப-12-5 | ஒவ்வொரு கிளையிலும் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்ற கணக்கைத் தருவது | ரவி | 3 ஏப்ரல் 2025, வியாழன் |

நிலுவை

நி-12-1: கிளைகளுக்கும் விரிவாக்குவது. முடிவு எடுக்கப்படவில்லை. ப-12-5 கணக்கோடு 7 ஏப்ரல் 2025 கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும்.

முடிவு வரியில் "பெறப்படும்" என்று செயப்பாட்டு வினை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முடிவு என்பது விதி. அதில் ஆள் தேவையில்லை. பணி வரியில்தான் அது கூடாது. ப-12-5 கூட்டத்தில் யாரும் சொல்லாத பணி என்பதும் கண்ணில் பட்டிருக்கும். தலைவரிடம் நிலுவையைப் பற்றிக் கேட்டபோது பிறந்தது அது. ரவியின் சம்மதம் வாங்கிய பிறகே பட்டியலுக்குள் வர வேண்டும்.

பொறுப்பு என்ற இடத்தில் பிரிவின் பெயரைப் போட்டால் போதாதா? ஆள் மாறிவிட்டால் என்ன செய்வது?

பிரிவின் பெயர் போட்டால், அந்தப் பிரிவில் எல்லோரும் அந்த வரியைப் படித்துவிட்டு, இன்னொருவர் எடுத்துக்கொள்வார் என்று நகர்ந்துவிடுவார்கள். ஒரு பணிக்கு ஒரு பெயர். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையாக இருந்தாலும், கெடு தேதியன்று யாரை அழைத்துக் கேட்பீர்களோ அவர் பெயர் மட்டும் பொறுப்பில் வரட்டும். மற்றவர் பெயரைப் பணி வரிக்குள் "சலீம் துணையுடன்" என்று எழுதிவிடலாம்.

இரண்டு பேருக்கும் சமமான பங்கு, ஒருவரைச் சொல்ல முடியாது என்று தோன்றினால் அது பெரும்பாலும் இரண்டு வேலை ஒட்டிக்கொண்டிருப்பதன் அடையாளம். மேலே உள்ள மாதிரியில் "விடுப்பு இருப்பை ஏற்றுவது – சலீம், தேவி" என்று இருந்திருக்கலாம். பட்டியல் தருவது, ஏற்றுவது என்று பிரித்ததும் இரண்டுக்கும் தனித்தனி ஆளும் தனித்தனித் தேதியும் தாமாகவே வந்துவிட்டன.

பதவி மாறக்கூடிய இடங்களில் பெயரோடு பதவியையும் எழுதுங்கள். ஆள் மாறினால் பழைய குறிப்பில் பெயரை மாற்றாதீர்கள். அடுத்த குறிப்பில் "ப-12-4: பொறுப்பு கவிதாவிடமிருந்து தேவிக்கு மாற்றப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கூட்டத்துக்கு வராதவர் பெயரில் வேலை விழுந்திருந்தால், அவரிடம் சொல்லி அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் அது பணி. அதுவரை பொறுப்பு இடத்தில் "கேட்க வேண்டும்" என்றே இருக்கட்டும். பெயரைப் பார்த்தபின்தான் தனக்கு ஒரு வேலை வந்திருப்பது தெரிகிற நிலைமை எவருக்கும் வரக் கூடாது.

கெடுவை எப்படி எழுதினால் குழப்பம் வராது?

நாள், மாதம், ஆண்டு, கிழமை நான்கையும் எழுதுங்கள், மாதத்தை எழுத்தில். 05-06-2025 என்பதை ஒருவர் ஜூன் 5 என்றும் இன்னொருவர் மே 6 என்றும் படிக்க முடியும். கிழமை ஒரு காவல்போல. தேதியைத் தவறாகத் தட்டினால் கிழமை ஒத்துவராமல் உடனே கண்ணில் படும்.

"18க்குள்" என்றால் 18 அன்று கொடுக்கலாமா, 17இலேயே முடித்துவிட வேண்டுமா? இதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். "18 மாலை 5 மணிக்கு முன்" என்று எழுதலாம், அல்லது குறிப்பின் தலைப்பிலேயே "கெடு நாள் முழுவதும் அவகாசம் உண்டு" என்று ஒருமுறை போட்டுவிட்டு எல்லா வரிக்கும் வெறும் தேதியை எழுதலாம். "ஒரு வாரத்தில்" என்பதிலும் இதே சிக்கல்: ஒரு வாரத்துக்குள்ளா, ஒரு வாரம் கழித்தா? "மாத இறுதியில்", "கூடிய விரைவில்", "உடனடியாக" எல்லாம் தேதியாக மாறியே தீர வேண்டும்.

கூட்டத்தில் கெடுவே சொல்லவில்லை. நானே ஒரு தேதி போடலாமா?

போடலாம், ஆனால் போட்டது நீங்கள் என்று தெரிய வேண்டும். "28 மார்ச் 2025 (உத்தேசம், பொறுப்பாளர் உறுதிசெய்ய வேண்டும்)" என்று எழுதி, அந்த ஆளுக்குத் தனியாக அனுப்புங்கள். வெற்றிடத்தைப் பார்த்து "எப்போது முடியும்?" என்று கேட்டால் பதில் வர நாளாகும். தவறான தேதியைப் பார்த்தால் "அன்றைக்கு முடியாது, 2ஆம் தேதி தருகிறேன்" என்று உடனே பதில் வரும்.

உறுதிசெய்யாமலே இறுதி வடிவம் போக வேண்டியிருந்தால், தேதியை எடுத்துவிட்டு "கெடு முடிவாகவில்லை" என்று எழுதுங்கள். ஓட்டை தெரிவது நல்லது. தெரிந்தால்தான் அடுத்த கூட்டத்தில் அடைப்பார்கள்.

விவாதத்தை முழுக்க எடுத்துவிடலாமா?

முழுக்க வேண்டாம். ஒவ்வொரு முடிவுக்கும் அதன் காரணத்தை ஓரிரு வரியில் வையுங்கள், கைவிட்ட மாற்று வழி இருந்தால் அதையும். "காகிதம், இணையம் இரண்டையும் மூன்று மாதம் சேர்த்து நடத்துவது பற்றிப் பேசப்பட்டது, விடுப்பு இருப்பை இரண்டு இடத்தில் கழிக்க வேண்டிவரும் என்பதால் கைவிடப்பட்டது." ஆறு மாதம் கழித்து வரும் புதியவர் அதே யோசனையைச் சொல்லும்போது இந்த வரி அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

யார் எதைச் சொன்னார், யார் யாரை மறுத்தார் என்பது போகட்டும். தம் எதிர்ப்பைப் பதிவுசெய்யச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தால் மட்டும் பெயரோடு இருக்க வேண்டும்.

முடிவுகளை எல்லாம் மேலே கொண்டுவருவதா, நிகழ்ச்சி நிரல் வரிசையிலேயே விடுவதா?

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு வரிசை நினைவிருக்கும். குறிப்பை நம்பி வேலை செய்கிறவர்களில் பலர் வராதவர்கள். அவர்களுக்கு வேண்டியது முதல் திரையிலேயே முடிவும் பணியும். எனவே கூட்ட விவரம் மூன்று வரி, பிறகு முடிவுகள், பிறகு பணி அட்டவணை, நிலுவை, அதன் கீழே நிகழ்ச்சி நிரல் வரிசையில் விவாதச் சுருக்கம்.

விவாதப் பகுதிக்குள் முடிவை மறுபடி வேறு சொற்களில் எழுதாதீர்கள். "மு-12-1 காண்க" என்று எண்ணை மட்டும் சொல்லுங்கள். ஒரே முடிவு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டால், திருத்தம் வரும்போது ஒன்று மாறும், மற்றது அப்படியே நிற்கும். பிறகு இரண்டு தரப்பும் ஆளுக்கொன்றைக் காட்டுவார்கள்.

தடித்த எழுத்து, நிறம் எல்லாம் எவ்வளவு பயன்படுத்தலாம்?

தடித்த எழுத்து எண்ணுக்கும் தலைப்புக்கும் போதும். வரிக்கு வரி தடித்துவிட்டால் எதுவுமே தனித்துத் தெரியாது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அப்படியே. "தாமதம்" என்ற சொல்லை எழுதிவிட்டு அதற்கு நிறம் கொடுங்கள்.

பணிகளை எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ வைத்திருக்கிறேன். கெடு கடந்தது தானாகத் தெரியுமா?

A எண், B பணி, C பொறுப்பு, D கெடு, E நிலை என்று பத்திகள் இருந்தால், இரண்டாம் வரியிலிருந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, Conditional formatting பகுதியில் இந்தச் சூத்திரத்தைக் கொடுங்கள்:

```
=AND($D2<>"",$D2<TODAY(),$E2<>"முடிந்தது",$E2<>"கைவிடப்பட்டது")
```

முதல் நிபந்தனையை விட்டுவிட்டால், கெடு இல்லாத வரிகளும் தாமதம் என்று நிறம் மாறும். வெற்று அறையின் மதிப்பு பூச்சியம், அது இன்றைய தேதியைவிடச் சிறியது. பொறுப்பாளர் இல்லாத பணிகளுக்கு வேறு நிறத்தில் இன்னொரு விதி:

```
=AND($B2<>"",$C2="")
```

இது வேலை செய்யாமல் போவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, தேதி எழுத்தாக உட்கார்ந்திருப்பது. "18 மார்ச் 2025" என்று தட்டியதை மென்பொருள் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டால், அது என்றுமே தாமதம் ஆகாது. சீரமைப்பு எதுவும் மாற்றாத பத்தியில் உண்மையான தேதி அறையின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மற்றது, நிலையைக் கையால் தட்டுவது. ஒருவர் "முடிந்தது", ஒருவர் "முடிந்துவிட்டது", இன்னொருவர் கடைசியில் ஓர் இடைவெளியோடு "முடிந்தது " என்று எழுதினால் சூத்திரத்துக்கு மூன்றும் வேறு வேறு. Data validation மூலம் கீழிறங்கும் பட்டியல் வைத்து, "தொடங்கவில்லை", "நடக்கிறது", "முடிந்தது", "கைவிடப்பட்டது" என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி செய்துவிடுங்கள்.

போன கூட்டத்துப் பணிகள் முடியாமல் இருந்தால் புதிய குறிப்பில் எப்படிக் காட்டுவது?

பழைய எண்ணோடும் பழைய கெடுவோடும். ப-12-3 முடியவில்லை என்றால், 13ஆவது கூட்டத்திலும் அது ப-12-3 தான். புதிய கெடுவைப் பழைய தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள்: "25 மார்ச் 2025 → 9 ஏப்ரல் 2025". பழையதை அழித்துப் புதியதைப் போட்டால், மூன்று முறை தள்ளிப்போன வேலையும் நேற்று தொடங்கிய வேலையும் ஒன்றுபோல் தெரியும். மூன்றாவது தேதி எழுத வேண்டிவந்தால் அதைப் பணிப் பட்டியலிலிருந்து எடுத்து, நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாக வையுங்கள். அங்கே தேதியைத் தாண்டிய ஏதோ ஒரு தடை இருக்கும்: ஆள் போதவில்லை, அனுமதி வரவில்லை, அல்லது அந்த வேலையே இப்போது தேவையில்லை.

குறிப்பை அனுப்பியபின் ஒருவர் "நான் அப்படி ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார். திருத்திவிடலாமா?

வரைவு அனுப்பும்போதே திருத்தம் சொல்ல ஒரு தேதி கொடுத்துவிடுங்கள். இரண்டு வேலை நாள் போதும். அதற்குள் வந்தது எழுத்துப் பிழையோ தேதிப் பிழையோ என்றால் மாற்றிவிட்டு, மாற்றியதை எல்லோருக்கும் சொல்லுங்கள். முடிவின் பொருளே மாறும் என்றால் நீங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டாம். மூலக் குறிப்பைப் பாருங்கள், தலைவரிடம் கொண்டுபோங்கள். கூட்டத்துக்குப் பிறகு மனம் மாறியிருந்தால் அது குறிப்பின் பிழை அல்ல. குறிப்பு அப்படியே நிற்கட்டும், மாற்றம் அடுத்த கூட்டத்துக்குப் புதிய பொருளாக வரட்டும்.

எங்களுடையது சங்கம். தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் எல்லாம் எழுதுகிறோம். இப்படித் திருத்தலாமா?

தீர்மானத்தின் வாசகத்தைத் தொடாதீர்கள். கூட்டத்தில் படித்து ஏற்றுக்கொண்ட சொற்கள் எப்படியோ அப்படியே, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களோடும், வாக்கெடுப்பு நடந்திருந்தால் அதன் எண்ணிக்கையோடும் இருக்க வேண்டும். நடை நன்றாக இல்லை என்பதற்காக ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. கையெழுத்தாகிவிட்ட குறிப்பில் பிழை கண்டால், பழைய பக்கத்தில் அடிக்காமல், அடுத்த கூட்டத்தில் திருத்தமாக ஏற்றுப் பதிவுசெய்யுங்கள்.

பணி அட்டவணையை இந்தக் குறிப்புக்கு இணைப்பாக, தனித் தாளில் வையுங்கள். "தீர்மானம் 4இன்படி" என்று எண்ணைக் காட்டி, யார், எது, எந்தத் தேதி என்று மேலே சொன்ன முறையில் எழுதலாம். தேதி தள்ளிப்போனாலும் ஆள் மாறினாலும் அந்தத் தாளில் மட்டும் மாற்றினால் போதும். கையெழுத்தான குறிப்பு அப்படியே இருக்கும்.